தோப்பு வீட்டுக்கு பாலிசி எடுக்கும்போது

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அங்கேயே குடியிருந்தவர்கள் அன்று காலையிலேயே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். தோப்பு இங்கேயும் குடித்தனம் சென்னையிலுமாக இருந்தவர்கள் போன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எப்போதாவது போய்த் தங்கும் வீட்டின் இன்சூரன்ஸ் சிக்கல் முழுதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. சேதம் என்றைக்கு நடந்தது, யார் பார்த்தது என்று சொல்ல ஆள் இல்லை.

வங்கியிலோ ஏஜென்டிடமோ வீட்டுக்கு பாலிசி கேட்டால் பெரும்பாலும் நீட்டப்படுவது 'பாரத் கிருஹ ரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொது இன்சூரன்ஸ் நிறுவனங்களும் விற்க வேண்டிய ஒரே மாதிரியான வீட்டு பாலிசி அது. தீ, புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு எல்லாம் அதில் அடக்கம். நல்ல பாலிசிதான். ஆனால் அது குடியிருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டது. விடுமுறை இல்லமாகவோ, ஆட்களைத் தங்கவைக்கும் விடுதியாகவோ பயன்படும் வீட்டை விலக்கும் வரி அதன் வாசகத்திலேயே இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வருகிற தோப்பு வீட்டை விண்ணப்பத்தில் 'சொந்தக் குடியிருப்பு' என்று எழுதிவிட்டால் பிரீமியம் சிக்கலில்லாமல் போய்ச் சேரும். சிக்கல் எழுவது கிளெய்ம் கேட்கும்போதுதான்.

ஆகவே முதல் வேலை, வீடு எப்படிப் பயன்படுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பது. நிறுவனம் அதை ஏற்று எழுத்தில் பதில் தர வேண்டும்; இல்லையென்றால் விடுமுறை வீட்டையும் ஏற்கிற வேறு பாலிசியைத் தேட வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்லும் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" கணக்கில் சேராது.

அடுத்தது காவல்காரர். இந்தியாவில் நெடுங்காலம் புழங்கிய தீ பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருந்தாலொழிய காப்பு நின்றுபோகும். அதே கணக்கை, சில இடங்களில் இன்னும் குறைந்த நாளை, வேறு பாலிசிகளிலும் பார்க்கலாம். பகலில் வந்து தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் போகிறவரை வைத்து 'ஆள் இருக்கிறார்' என்று சொல்ல முடியுமா? பாலிசி கேட்பது இரவில் தங்கும் ஆளையா, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஆளையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்வேயரிடம் மழுப்பவும் வழியில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் மின் ரீடிங்கைப் பார்த்தாலே வீட்டில் விளக்கு எரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

காவல்காரர் வருகிற நாளை ஒரு நோட்டில் குறிப்பதும், வாரம் ஒருமுறை வீட்டின் நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்புவதும் பெரிய செலவில்லை. பாரத் கிருஹ ரக்ஷாவில் திருட்டுக்குத் தனியாகக் காப்பு கிடையாது. புயல் போன்ற ஒரு சேதத்தின் விளைவாக, அது நடந்த 7 நாளுக்குள் நடக்கிற திருட்டுக்கு மட்டுமே பணம். புயலில் கதவு பிய்ந்து, பத்தாம் நாள் சிலிண்டர் காணாமல் போனால் கிடைக்காது. எந்த நாளில் போனது என்று சொல்ல ஆளே இல்லையென்றால் ஐந்தாம் நாள் போனதற்கும் கிடைப்பது கஷ்டம்.

திருட்டுக்குத் தனி பாலிசி எடுத்தாலும் இரண்டு கண்ணிகள் உண்டு. பூட்டை உடைத்தோ சுவரேறியோ பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் வேண்டும்; பலவந்தம் இல்லாத திருட்டு பாலிசி சொல்லும் 'பர்க்லரி' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஒரு கிடங்குத் திருட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, வீட்டு வேலையாட்களுக்குப் பங்கிருக்கும் திருட்டை இந்த பாலிசிகள் பொதுவாக விலக்கிவிடும். சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிறவர் இரண்டாவது வரியைப் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இனி வேலி, கிணறு, மரம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் ஐம்பது சென்ட் தோப்பை வைத்துக் கணக்குப் போடலாம். 800 சதுர அடி வீடு, சுற்றிலும் 600 அடிக்குக் கல்தூண் நட்ட கம்பிவேலி, ஒரு உறைக்கிணறு, 20 தென்னை, நாலு மா. நிறுவனம் விடுமுறை வீடு என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் வீட்டுக்கு 16 லட்சம். ஏஜென்ட் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார். சுற்றுச்சுவர், வேலி, கேட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் 'கூடுதல் கட்டுமானம்' என்று பாலிசிக்குள் வரக்கூடியவைதான். ஆனால் அவற்றின் மதிப்பைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். அடிக்கு 150 ரூபாய் என்றால் வேலி மட்டும் 90,000. இந்த வரி இல்லையென்றால் தென்னை விழுந்து கம்பி அறுந்தாலும் வேலிக்கு என்று ஒதுக்கிய தொகை எதுவும் பாலிசியில் இருக்காது. கிளுவை நட்ட உயிர்வேலி கட்டுமானமே அல்ல, அதை மறந்துவிடலாம்.

கிணற்றின் பெயர் அந்தக் கூடுதல் பட்டியலில் இல்லை. எனவே 'உறைக்கிணறு, கைப்பிடிச் சுவர், மோட்டார் ரூம்' என்று பெயரும் ஆழமும் மதிப்பும் எழுதி, ஒப்புதல் வாங்கியே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் எல்லை உண்டு. வெள்ளத்தில் மண் உள்வாங்கி உறை இறங்கினால் கேட்கலாம். வருஷக்கணக்காக ஊறி ஊறிச் சரிந்தால் அது தேய்மானம். தண்ணீர் வற்றுவது சேதமே இல்லை. மோட்டார் காயில் எரிந்தாலும் வீட்டு பாலிசி கைவிரித்துவிடும். அதற்கு பம்புசெட் பாலிசி என்று தனியாக இருக்கிறது, அதில் மின்பழுதும் திருட்டும் சேரும்.

மரம் வீட்டின் மேல் விழுந்தால் வீட்டுக்குப் பணம் உண்டு, மரத்துக்கு இல்லை. இடிபாடு அகற்றும் செலவும் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரைதான். ஓட்டுக்கூரைக்கு ஒரு லட்சம் கிடைத்தால் அகற்றும் கூலிக்கு 2,000. தென்னையை அறுத்து அப்புறப்படுத்தும் ஆட்கள் அதற்கு மசிவார்களா என்பது வேறு.

தென்னைக்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியமும் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் தென்னை மரக் காப்பீட்டில், ஒரே இடத்தில் காய்க்கும் மரம் குறைந்தது ஐந்து இருந்தால் போதும். திட்ட விதிப்படி 16 முதல் 60 வயது மரத்துக்குக் காப்பு 1,750 ரூபாய், பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, உரிமையாளருக்கு மிஞ்சுவது கால் பங்கு. நம் தோப்பின் 20 மரத்துக்கு மொத்த பிரீமியம் 280. கையிலிருந்து 70 ரூபாய். எட்டு மரம் சாய்ந்தால், கழிவு விதி போக, அதிகபட்சம் 14,000. மாவுக்கு இதில் இடமில்லை.

கஜாவுக்குப் பிறகு தமிழக அரசு சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. காப்பீடு செய்த மரத்தின் 1,750ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேளாண் அலுவலகத்தில் இந்த வருஷம் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அப்படியே வீட்டு பாலிசியை எடுத்து, வேலிக்கும் கிணற்றுக்கும் தனி வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.