நீக்கிய வரிகளுக்கும் கணக்கு உண்டு

பிரிட்டனில் பரிசுப் பொருள்களை இணையம் வழியாக விற்கும் ஒரு நிறுவனத்தின் பில் விவரங்கள், கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் `Online Retail` என்ற பெயரில் கிடைக்கின்றன. 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையிலான விற்பனை அது. பில்லில் ஒரு பொருளுக்கு ஒரு வரி என்ற கணக்கில் மொத்தம் 5,41,909 வரிகள் இருக்கின்றன.

எந்த வாடிக்கையாளர் எவ்வளவுக்கு வாங்கினார் என்று இதில் பார்க்க விரும்புகிறவர், முதலில் ஒரு சின்ன நிரலால் தரவைச் சுத்தம் செய்வார். முடிவில் மிஞ்சுபவை 3,92,692 வரிகள். கால் பங்குக்கும் மேல் காணாமல் போயிருக்கும். அவை எங்கே போயின என்று சொல்வதுதான் நிரலோடு வைக்கும் குறிப்பின் வேலை. அது இப்படி இருக்கும்:

1. வாடிக்கையாளர் எண் இல்லாதவை: 1,35,080 நீக்கம், மீதி 4,06,829.
2. எல்லாப் பத்திகளிலும் அச்சாக ஒத்திருப்பவை, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு: 5,225 நீக்கம், மீதி 4,01,604.
3. பில் எண் `C` என்று தொடங்கும் ரத்துகள்: 8,872 நீக்கம், மீதி 3,92,732.
4. விலை பூஜ்யம் என்று பதிவானவை: 40 நீக்கம், மீதி 3,92,692.

ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் எழுத வேண்டும். அந்தக் காரணம் நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. முதல் படியில் போகும் வரிகளில் பெரும்பாலானவை உண்மையான விற்பனைதான். யார் வாங்கினார் என்பது மட்டும் தெரியாது. வாடிக்கையாளர்வாரியாகக் கூட்டும்போது அவற்றுக்கு இடமில்லை. எந்தப் பொருள் அதிகம் விற்றது என்பது கேள்வியானால், இதே படி நல்ல தரவை அள்ளிக் கொட்டிவிடும். இரண்டாம் படியில் இருப்பது ஒரு ஊகம். ஒரே பொருளை ஒரே பில்லில் இரண்டு முறை பதிவது நிஜமாகவும் நடக்கலாம். ஆகவே ‘இரட்டைப் பதிவு என்று கொண்டோம்’ என்று குறிப்பில் வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை.

எது முதலில் என்பதும் எண்ணிக்கையை மாற்றும். இரட்டைப் பதிவுகளை முதலில் எடுத்தால் 5,268 போகும். அதன் பிறகு வாடிக்கையாளர் எண் இல்லாதவை 1,35,037 ஆகக் குறையும். இரண்டு குறைகளும் ஒருசேர உள்ள 43 வரிகள் எந்தப் படியில் பிடிபடுகின்றன என்பதுதான் வித்தியாசம். எந்த வழியில் போனாலும் கூட்டுத்தொகை 1,40,305தான். ரத்துகளும் அப்படியே: மூலக் கோப்பில் அவை 9,288, மூன்றாம் படிக்கு வந்து சேர்பவை 8,872. மூலக் கோப்பில் தனித்தனியாக எண்ணி எழுதினால் குறிப்பின் கூட்டல் ஒருபோதும் சரிவராது.

அதனால் எண்ணிக்கையைக் கையால் எழுதாமல் நிரலையே எழுத வைப்பது வழக்கம்:

```python
def step(name, df, keep):
    print(name, len(df), (~keep).sum(), keep.sum())
    return df[keep]

df = step("no CustomerID", df, df["CustomerID"].notna())
df = step("duplicates", df, ~df.duplicated())
```

ஒவ்வொரு படியிலும் வந்தவை, போனவை, நின்றவை மூன்றும் திரையில் வரும். பெரிய `C` இருக்கும் இடத்தில் சிறிய `c`-ஐத் தேடும்படி எழுதிவிட்டால் நிரல் தவறு என்று கத்தாது, ஒன்றையும் நீக்காமல் நகர்ந்துவிடும். மூன்றாம் படிக்கு நேராகப் பூஜ்யம் நிற்பதைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியவரும்.

கூட்டல் சரியாக இருந்தும் பிடிபடாத பிழை ஒன்று இதே தரவில் உண்டு. 2011 டிசம்பர் 9 அன்று ஒருவர் சின்னப் பறவைக் காகிதக் கைவினைப் பொருள் 80,995 வேண்டும் என்று ஆர்டர் போட்டார், மதிப்பு 1,68,469.60 பவுண்ட். 12 நிமிடத்தில் அது முழுவதும் ரத்தானது. மூன்றாம் படி ரத்து வரியை எடுத்துவிடுகிறது; ஆர்டர் வரியோ விற்பனையாகவே நின்றுவிடுகிறது. அநேகமாக ஒன்றும் கைக்கு வாங்காதவர் பெரிய வாடிக்கையாளர்களின் பட்டியலில் ஏறிவிடுகிறார். அதே ஆண்டு ஜனவரி 18 அன்று 74,215 பீங்கான் மூடி ஜாடிகளுக்கு வந்த ஆர்டரும் இப்படித்தான் ரத்தானது.

‘ரத்துகள் நீக்கப்பட்டன’ என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் அந்த விற்பனையும் போய்விட்டது என்றே நினைப்பார். ‘ரத்து வரிகள் மட்டும் நீக்கம், அவற்றுக்கு உரிய ஆர்டர் வரிகள் அப்படியே உள்ளன’ என்று எழுதினால்தான், அந்த ஜோடிகளைத் தேடி எடுக்க இன்னொரு படி தேவை என்பது அடுத்தவருக்குப் புரியும். அந்தப் படியில் எத்தனை ஜோடி கிடைத்தது, ஆர்டர் வரி சிக்காத ரத்துகள் எத்தனை என்று இரண்டு எண்களைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். தரவு தொடங்கும் நாளுக்கு முன்பு வாங்கியதை ரத்து செய்திருந்தால் அதன் ஆர்டர் வரி இந்தக் கோப்பில் இருக்கவே இருக்காது.