தீபாவளி மாத மனை அழைப்பு: போகலாமா? எதைப் பார்ப்பது?

ஐப்பசி பிறந்தால் சென்னைப் புறநகரில் மனை விற்பவர்களின் அழைப்புகள் குவியத் தொடங்கிவிடும். இலவச வேன், மதியச் சாப்பாடு, முன்பதிவுக்குத் தங்கக் காசு என்று விளம்பரங்கள் வருகின்றன. அவற்றைப் பற்றி வாசகர்களுக்கு எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

பண்டிகை மாதத்தில் மனை பார்க்கப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அது தங்கக் காசு அல்ல, மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். சித்திரையில் எந்த மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஒரு நாள் கழித்துப் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது, அணுகுசாலையில் இரு சக்கர வண்டி போகுமா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நாங்கள் போகும் நாளில் மழை இல்லையென்றால்?

தடயங்கள் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் நீர்க்கறை, தெருவைவிட மிக உயர்த்திக் கட்டிய வீட்டு வாசல்கள், மனையில் அடர்ந்த கோரைப்புல் ஆகியவை தண்ணீர் நிற்பதைக் காட்டும் அடையாளங்கள். புல எண்ணுக்கான வரைபடத்தில் வாய்க்காலோ ஓடையோ குறுக்கே போகிறதா என்றும் பாருங்கள். அருகில் பல வருடங்களாகக் கடை வைத்திருப்பவரிடம், எந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

தாழ்வான மனையை மண் கொட்டி உயர்த்திக்கொள்ளலாமே?

உயர்த்தலாம். ஆனால் செலவைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். 30க்கு 40 மனை என்றால் 1,200 சதுர அடி. அதை இரண்டு அடி உயர்த்த 2,400 கன அடி மண் வேண்டும். மண் வியாபாரத்தில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக 24 யூனிட், மூன்று யூனிட் ஏற்றும் லாரியில் எட்டு லோடு. கொட்டிய மண் அமுங்கும் என்பதால் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். வீட்டு அஸ்திவாரத்தையும் கொட்டிய மண்ணைத் தாண்டி, பழைய கெட்டித் தரை வரை இறக்க வேண்டியிருக்கும். சதுர அடிக்கு 100 ரூபாய் பண்டிகைத் தள்ளுபடி என்றால் இந்த மனைக்கு மிச்சம் 1,20,000 ரூபாய். உள்ளூரில் ஒரு லோடு மண் என்ன விலை என்று விசாரித்து, அஸ்திவாரத்துக்கு ஆகும் கூடுதல் செலவையும் சேர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேர்மையான அழைப்பை எப்படி அடையாளம் காண்பது?

சரிபார்க்கக்கூடிய விவரங்கள் அதில் இருக்கும். உதாரணமாக ஒன்று: "மழை பெய்த மறுநாள் உங்கள் வண்டியிலேயே வாருங்கள். கிழக்குப் பக்க மனைகள் தாழ்வானவை. அங்கே வடிகால் வேலை இன்னும் முடியவில்லை. தெருவிளக்கு போட்டாயிற்று, குடிநீர்க் குழாய் இல்லை. அங்கீகார வரைபடமும் வில்லங்கச் சான்றும் தளத்தில் பார்வைக்கு இருக்கும். பண்டிகை விலை மாத இறுதி வரை." குறையையும் சொல்வதால் மற்ற வரிகளையும் நம்பிப் போய்ப் பார்க்கலாம்.

"ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்", "இரண்டு வருடத்தில் விலை இரட்டிப்பு" போன்றவை வேறு வகை. முதலாவதை வேலை நாள் காலையில் நீங்களே வண்டியோட்டிச் சோதிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேன் பயணத்தில் அது தெரியாது. இரண்டாவதை யாராலும் உறுதி சொல்ல முடியாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்ணும், ரெரா இணையதள முகவரியும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அந்த எண்ணை rera.tn.gov.in தளத்தில் தேடி, அங்குள்ள வரைபடத்தில் உங்களுக்குக் காட்டிய மனை எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

"இன்றே டோக்கன் போட்டால்தான் இந்த விலை" என்கிறார்களே?

அந்த விலையை எழுத்தில் கேளுங்கள். டோக்கன் பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் ரசீதிலேயே இருக்கட்டும். ரெரா சட்டத்தின்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. மனை 24 லட்சம் என்றால் எல்லை 2,40,000 ரூபாய்.

அழைப்பில் சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தால்?

2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். வாங்குவதிலிருந்து விலக விரும்பினால், கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். வேனில் வாய்மொழியாகச் சொன்னதை நிரூபிப்பது கடினம். எனவே விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, ரசீது மூன்றையும் பத்திரம் கைக்கு வந்த பிறகும் தூக்கிப் போடாதீர்கள்.