நள்ளிரவில் காலாவதியாகும் டோக்கன்

ஒருவருடைய கடவுச்சொல் தெரியாமலேயே, அவர் அனுமதித்த கோப்புகளை மட்டும் ஒரு நிரல் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் நெறிமுறைதான் ஓஆத். பரவலாகப் புழங்கும் அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வெளியானது. கணக்கின் உரிமையாளர் உலாவியில் ஒருமுறை உள்நுழைந்து, அனுமதிக்கும் பொத்தானை அழுத்துகிறார். அதன்பின் நிரலின் கைக்கு இரண்டு டோக்கன்கள் வருகின்றன. ஒன்று அணுகல் டோக்கன். கோப்பைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டியது, ஆயுள் குறைவு. மற்றது புதுப்பிப்பு டோக்கன். கோப்பு எதையும் இதைக்கொண்டு எடுக்க முடியாது, புதிய அணுகல் டோக்கன் வாங்க மட்டுமே பயன்படும். நீண்ட நாள் செல்லும் என்பதால் பத்திரப்படுத்த வேண்டியதும் இதுவே.

கூகுள் தரும் அணுகல் டோக்கன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். ஓர் அச்சகம் தன் கூகுள் டிரைவ் கோப்புகளை இரவு 1 மணிக்குச் சொந்த சர்வருக்கு நகலெடுக்கத் தொடங்குகிறது, வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். தொடங்கும்போது வாங்கிய டோக்கனை மட்டும் நம்பினால் 2 மணிக்குப் பாதி வழியில் 401 என்ற மறுப்பு வரும். சோதனைக்குப் பத்துக் கோப்புகளை வைத்து ஓட்டிப் பார்த்தபோது இது தெரிந்திருக்காது. கோப்புகள் பெருகி, வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டும் முதல் இரவில்தான் தெரியும்.

புதுப்பிக்க அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

```
curl https://oauth2.googleapis.com/token \
  -d client_id=... -d client_secret=... \
  -d refresh_token=... -d grant_type=refresh_token
```

பதிலில் புதிய `access_token`, அது எத்தனை வினாடி செல்லும் என்று சொல்லும் `expires_in` இரண்டும் இருக்கும். பெரும்பாலும் 3599 என்று வரும். பதில் வந்த நேரத்தோடு இதைக் கூட்டி, காலாவதி நேரத்தை நிரல் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு கோப்பைக் கேட்பதற்கு முன்பும் அந்த நேரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தின் வேலை 1.55க்குப் புது டோக்கன் வாங்கி, தடங்கலின்றித் தொடரும். இவ்வளவுக்குப் பின்னும் 401 வந்தால் ஒரே ஒருமுறை புதுப்பித்து மறுபடி கேட்கலாம். அப்போதும் மறுத்தால் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் நிரல் விடியும்வரை அதையே கேட்டுக்கொண்டிருக்கும்.

புதுப்பிக்கும் கோரிக்கையே தோற்பதும் உண்டு. அதற்கான காரணங்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். இணையம் அறுந்தாலோ 500 வரிசையில் பிழை வந்தாலோ சற்றுப் பொறுத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மீண்டும் முயலலாம். `invalid_grant` என்று வந்தால் முயல்வதில் பயனில்லை. புதுப்பிப்பு டோக்கனே செத்துவிட்டது. உரிமையாளர் அனுமதியைத் திரும்பப் பெற்றிருக்கலாம், அல்லது அந்த டோக்கனை ஆறு மாதம் யாரும் பயன்படுத்தாமல் விட்டிருக்கலாம். ஆள் ஒருவர் மீண்டும் உலாவிக்குப் போய் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும்.

தோல்வி வரும் நேரமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். தொடங்கி ஒரு மணி நேரத்தில் நின்றால் நிரல் புதுப்பிக்கவே இல்லை. அனுமதி கொடுத்த ஏழாம் நாள் நின்றால், கூகுள் கிளவுட் பக்கத்தில் அந்தச் செயலி இன்னும் `Testing` நிலையிலேயே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிப் பயனர்களுக்கான செயலி அந்த நிலையில் இருக்கும்வரை, டிரைவ் போன்றவற்றுக்கான புதுப்பிப்பு டோக்கன் ஏழு நாளில் காலாவதியாகும். நிரலைக் குடைந்துகொண்டிருக்கும் பலர் கடைசியாகப் பார்க்கும் இடம் இது. நிலையை மாற்றிய கையோடு புதிதாக அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது. புதுப்பிப்பு டோக்கன் வரவே இல்லையென்றால், அனுமதிப் பக்கத்துக்கு அனுப்பும்போது `access_type=offline` விடுபட்டிருக்கும். முன்பே அனுமதித்த கணக்காக இருந்தால் `prompt=consent` என்பதையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

வேறு சில சேவைகள், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பு டோக்கனையும் மாற்றிக் கொடுத்துப் பழையதைச் செல்லாததாக்கிவிடும். கணக்கு மென்பொருளான ஸீரோ அப்படிப்பட்டது. அங்கே புதிய டோக்கனை வட்டில் எழுதி முடித்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும்போது மின்சாரம் போனால் மறுநாள் கையில் இருப்பது செல்லாத டோக்கன். ஒரே டோக்கனை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் புதுப்பித்தாலும் ஒன்று தோற்கக்கூடும். ஒன்று புதுப்பிக்கும்போது மற்றது காத்திருக்கும்படி பூட்டு வைத்து, பூட்டு கிடைத்ததும் டோக்கனை வட்டிலிருந்து மீண்டும் படிக்கச் செய்வதே இதற்கு வழி.

செத்த டோக்கனை எந்த நிரலாலும் உயிர்ப்பிக்க முடியாது, ஆனால் அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியும். மாலை 4 மணிக்கு ஒரு சிறு நிரல் புதுப்பிக்கும் கோரிக்கையை மட்டும் அனுப்பிப் பார்த்து, `invalid_grant` வந்தால் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் தட்டிவிடட்டும். உலாவியைத் திறந்து அனுமதி கொடுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் அலுவலகத்தில்தான் இருப்பார்.