திரும்பி வந்த சரக்கும் கட்டிய வரியும்

விற்ற மாதத்திலேயே ஜி.எஸ்.டி. கட்டியாயிற்று. சில மாதம் கழித்துச் சரக்கு திரும்பி வந்தால், கட்டிய வரியை ஈடுகட்ட விற்றவர் கிரெடிட் நோட் போட வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-வது பிரிவு இதற்கு வழி தருகிறது. பழைய மாதத்தின் ரிட்டனைத் தொட வேண்டியதில்லை. கிரெடிட் நோட் எந்த மாதம் போடப்பட்டதோ, அந்த மாத வரியிலேயே கழித்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ஒருவர் 2025 ஆகஸ்டில் பொள்ளாச்சிக் கடைக்கு 10 ஏ.சி.க்களை, ஒன்று 30,000 ரூபாய் வீதம் விற்றதாக வைத்துக்கொள்வோம். அன்றைய வரி 28 சதவீதம்; 3 லட்சத்துக்கு 84,000 ரூபாய். செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு வரி 18 சதவீதமாகக் குறைந்தது. நவம்பரில் இரண்டு ஏ.சி. பழுதென்று திரும்பி வருகின்றன. பலர் தடுமாறும் இடம் இதுதான். கிரெடிட் நோட்டில் போட வேண்டியது பழைய பில்லின் 28 சதவீதமே: 60,000 ரூபாய்க்கு 16,800. 18 சதவீதம் போட்டால் 6,000 ரூபாய் வியாபாரியின் கையை விட்டுப் போகும்.

நவம்பரில் அவர் 6 லட்சத்துக்கு விற்றிருந்தால் அதற்கு வரி 1,08,000. அதில் 16,800 போக, GSTR-3B-யில் காட்டுவது 91,200. விற்பனை மதிப்பும் 5,40,000 ஆகக் குறையும். அதை 18 சதவீதத்தால் பெருக்கினால் 97,200 வரும். வித்தியாசத்துக்குக் காரணம் பழைய விகிதம்தான். GSTR-1-இல் பதிவு பெற்றவர்களுக்கான 9B அட்டவணையில் நோட்டின் விவரம் பதிவாகியிருந்தால், கேள்வி வரும்போது அதைக் காட்டலாம்.

விற்றவர் கழித்தால் மட்டும் போதாது. பொள்ளாச்சிக் கடைக்காரர் அந்த 16,800-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால், அதைத் திருப்ப வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இதை வெளிப்படையாகவே நிபந்தனையாக்கிவிட்டது. வாங்கியவர் போர்ட்டலில் நோட்டை நிராகரித்தால், விற்றவரின் வரிப் பொறுப்பு மறுபடி ஏறும். ஆகவே நோட்டை ஏற்றியதும் வாங்கியவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. வாங்கியவர் பதிவு இல்லாத சாதாரண நுகர்வோர் என்றால், வரியையும் சேர்த்து அவருக்குப் பணம் திருப்பித் தந்திருக்க வேண்டும். வரியை அவர் தலையில் வைத்துவிட்டுக் கழிக்க முடியாது.

கெடுவும் உண்டு. விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்த நாள், இதில் எது முந்தியதோ அதற்குள் நோட்டை ரிட்டனில் காட்டியாக வேண்டும். இந்த ஏ.சி.க்களுக்கு அது 2026 நவம்பர் 30. நவம்பர் மாத ரிட்டன் டிசம்பரில்தான் தாக்கலாகும் என்பதால், நடைமுறையில் அக்டோபர் ரிட்டனே கடைசி வாய்ப்பு. அதைத் தவறவிட்டால் வரி சேர்க்காத வணிக கிரெடிட் நோட் போட்டுக் கணக்கை நேர்செய்யலாம். கட்டிய வரி குறையாது. வாங்கியவர் பதிவு பெற்றவராக இருந்தால், அவரே தன் பில்லில் வரி போட்டுச் சரக்கைப் புது விற்பனையாகத் திருப்பி அனுப்பும் வழி ஒன்று மிஞ்சியிருக்கும்.