ஸ்டாப்லாஸை எங்கே வைப்பது: ஸ்விங் லோவுக்குக் கீழா, நிலையான சதவீதத்திலா?

பங்கை வாங்கும்போதே, விலை எவ்வளவு இறங்கினால் விற்று வெளியேறுவது என்று முடிவு செய்து போட்டு வைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப்லாஸ். அதற்கான விலையைக் குறிக்கப் பரவலாக இரண்டு வழிகள் உண்டு. வாங்கிய விலையிலிருந்து 5 அல்லது 8 சதவீதம் என்று ஒரே அளவைக் கழித்துவிடுவது ஒன்று. சார்ட்டில் அண்மையில் விலை இறங்கித் திரும்பிய இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே வைப்பது மற்றொன்று. திரும்பிய அந்த இடத்தை டிரேடர்கள் ஸ்விங் லோ என்பார்கள்.

சதவீத முறைக்குப் பெயர் பெற்றவர் அமெரிக்கரான வில்லியம் ஓ'நீல். வாங்கிய விலையிலிருந்து 7 அல்லது 8 சதவீதம் இறங்கினால் கேள்வி கேட்காமல் விற்றுவிட வேண்டும் என்பது 1988-இல் வெளியான அவருடைய புத்தகத்தின் மூலம் பரவிய விதி. அவர் கண்ட இடத்திலெல்லாம் வாங்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். விலை நீண்ட நாள் ஒரு வட்டத்துக்குள் அடங்கிக் கிடந்து, அதை உடைத்து மேலேறும் புள்ளியில்தான் வாங்கச் சொன்னார். சார்ட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தோடு கட்டப்பட்ட சதவீதம் அது. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டுச் சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் இன்று பரவலாக நடக்கிறது.

ஸ்விங் லோவை ஆளுக்கொரு விதமாகப் பார்க்காமல் இருக்க ஒரு வரையறை வேண்டும். ஒரு நாளின் குறைந்த விலை, அதற்கு முந்தைய இரண்டு நாள்கள், பிந்தைய இரண்டு நாள்கள் ஆகியவற்றின் குறைந்த விலைகளைவிடத் தாழ்வாக இருந்தால் அது ஸ்விங் லோ. இரண்டுக்குப் பதில் ஐந்து நாள்கள் என்று வைத்தால் சின்னச் சின்ன வளைவுகள் விலகி, பெரிய திருப்பங்கள் மட்டும் மிஞ்சும். ஸ்டாப்லாஸும் பெரும்பாலும் தள்ளிப்போகும். எப்படி வைத்தாலும், வலப்பக்க நாள்கள் முடிந்த பிறகுதான் அது ஸ்விங் லோ என்று தெரியவரும். பழைய சார்ட்டைப் பார்த்துச் சோதிப்பவர்கள் இதை மறந்து, திரும்பிய அன்றே அது தெரிந்ததுபோலக் கணக்குப் போட்டால், ஸ்விங் முறை உண்மையில் இருப்பதைவிட மிகச் சிறப்பானதாகத் தோன்றும்.

விலை ஸ்டாப்லாஸைத் தொட்டு டிரேடரை வெளியேற்றிவிட்டு, உடனே திரும்பி, அவர் எதிர்பார்த்த திசையிலேயே ஏறிப்போவதை விப்சா என்கிறார்கள். எந்த முறையில் விப்சா குறைவு என்பதுதான் இரண்டையும் ஒப்பிடுபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் தூரத்தைச் சமப்படுத்தாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. 4 சதவீதத்தில் வைத்த ஸ்டாப்லாஸ், 7 சதவீதம் தள்ளி வைத்ததைவிட அதிகமாக அடிபடத்தான் செய்யும். அதை வைத்து ஸ்விங் லோவுக்குத் தனிச் சிறப்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தூரம் என்பதும் ரூபாயிலோ சதவீதத்திலோ மட்டும் அளப்பதல்ல. ஒரு பங்கின் விலை நாளொன்றுக்குச் சராசரியாக 1 சதவீதம் அசைகிறது, இன்னொன்று 2.5 சதவீதம் அசைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறவும் இறங்கவும் சம வாய்ப்புள்ள, முழுக்கத் தற்செயலான நகர்வு என்று கொண்டு கணக்கிட்டால், பத்து வர்த்தக நாள்களுக்குள் 5 சதவீத ஸ்டாப்லாஸ் தொடப்படும் வாய்ப்பு முதல் பங்கில் நூற்றுக்குச் சுமார் 11. இரண்டாவதில் நூற்றுக்குச் சுமார் 53. அதே 5 சதவீதம் ஒரு பங்குக்குத் தாராளமான இடைவெளியாகவும், இன்னொரு பங்குக்கு அன்றாட அசைவுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் அளவாகவும் இருக்கிறது. எல்லாப் பங்குக்கும் ஒரே சதவீதம் என்னும் விதியின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஸ்விங் லோ இந்தச் சிக்கலை ஓரளவு தானாகவே தீர்க்கிறது: அதிகம் ஆடும் பங்கின் ஏற்ற இறக்கங்களும் ஆழமாக இருப்பதால், ஸ்டாப்லாஸும் தானே தள்ளிப்போகிறது.

ஒரு கற்பனை உதாரணத்தில் இதைப் பார்க்கலாம். ஒரு பங்கு 482 ரூபாய் வரை இறங்கித் திரும்பி, 510-இல் வாங்கப்படுகிறது. அதன் சராசரி உண்மை வீச்சு 12 ரூபாய். வெல்ஸ் வைல்டர் 1978-இல் அறிமுகப்படுத்திய அளவு இது. ஒரு நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியை, முந்தைய நாளின் முடிவு விலையிலிருந்து ஏற்பட்ட தாவலையும் கணக்கில் சேர்த்து, வழக்கமாக 14 நாள்களுக்குச் சராசரி எடுப்பது.

5 சதவீத முறையில் ஸ்டாப்லாஸ் 484.50-இல் வரும். இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஒருமுறை திரும்பிய விலை மறுபடி அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வருவது அடிக்கடி நடப்பது. 483 வரை வந்து திரும்பினால் 482 என்ற தாழ்வு உடையவில்லை. வாங்கியதற்கான காரணம் அப்படியே நிற்கிறது. ஆனால் பங்கு மட்டும் கையில் இல்லை.

ஸ்விங் முறையில் 482-க்குக் கீழே வைக்க வேண்டும். எவ்வளவு கீழே? 481.95 என்று ஒட்டி வைப்பது ஆபத்து. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்துக்கு அடியில் எல்லோருடைய ஆர்டரும் குவிந்திருக்கும். கேரல் ஆஸ்லர் என்ற பொருளியலாளர் ஒரு பெரிய வங்கியின் அந்நியச் செலாவணி ஆர்டர்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், விற்பதற்கான ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் முழு எண்களுக்குச் சற்றுக் கீழே திரண்டிருப்பதைக் காட்டினார். அப்படித் திரண்ட ஆர்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும்போது விலை வேகமாகச் சரிகிறது. இந்த உதாரணத்தில் 480 அப்படிப்பட்ட எண். எனவே அரை நாள் வீச்சான 6 ரூபாயைக் கூடுதலாகக் கழித்து 476-இல் வைத்தால், அந்த நெரிசலைத் தாண்டி நிற்கும்.

இப்போது தூரம் 34 ரூபாய், அதாவது 6.7 சதவீதம். சதவீத முறையில் அது 25.50 ரூபாய். ஒரு டிரேடில் 5,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று முடிவு செய்தவர், சதவீத முறையில் 196 பங்குகளும் ஸ்விங் முறையில் 147 பங்குகளும் வாங்கலாம். அடிபட்டால் இரண்டிலும் நஷ்டம் ஒன்றே. ஆனால் விலை 580-க்குப் போனால் முதலாமவருக்கு 13,720 ரூபாய், இரண்டாமவருக்கு 10,290 ரூபாய். விப்சாவைத் தவிர்ப்பதற்குக் கொடுக்கும் விலை இந்த வித்தியாசம்தான். ‘தள்ளி வைத்தால் நல்லது’ என்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

கொடுக்கும் விலைக்கு ஈடாக எத்தனை டிரேடுகள் தப்ப வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். லாப நஷ்டமின்றி நிற்க, நெருங்கிய ஸ்டாப்லாஸுக்கு நூற்றில் சுமார் 27 டிரேடுகள் 580-ஐத் தொட வேண்டும். தள்ளி வைத்ததற்குச் சுமார் 33 தொட வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விலை முழுக்கத் தற்செயலாக நகர்ந்தால், 484.50-ஐத் தொடாமல் 580-ஐ அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 26.7, 476-ஐத் தொடாமல் அடையும் வாய்ப்பு நூற்றுக்கு 32.7. இரண்டும் மேலே சொன்ன தேவையோடு அப்படியே பொருந்துகின்றன. அதாவது, தள்ளி வைப்பதாலேயே தப்பும் ஆறு டிரேடுகளால் யாருக்கும் ஒரு பைசா லாபமில்லை. பங்குகள் குறைந்ததில் அது சரியாகிவிடுகிறது. ஸ்விங் லோவுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது என்று சொல்ல, நூற்றில் ஆறுக்கும் மேல் தப்ப வேண்டும். 482-ஐச் சுற்றி வாங்குபவர்கள் நிஜமாகவே காத்திருந்தால்தான் அது நடக்கும்.

இதைச் சோதிக்க எல்லா டிரேடுகளையும் எண்ணத் தேவையில்லை. இரண்டு முறைகளும் முரண்படும் டிரேடுகளை மட்டும் பார்த்தால் போதும்: விலை 484.50-ஐத் தொட்டு, 476-க்கு வராமல், 580-க்கு ஏறியவை எத்தனை? தற்செயல் நகர்வில், 484.50-ஐத் தொட்டவற்றில் நூற்றுக்கு எட்டு இப்படித் தப்பும். பதிவேட்டில் அது பதினைந்து, இருபது என்று தொடர்ந்து வந்தால் அந்த இடத்துக்கு ஏதோ பலம் இருக்கிறது. முப்பது, நாற்பது டிரேடுகளை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. பல நூறு வேண்டும். ஒவ்வொரு டிரேடிலும் தூரங்கள் மாறுவதால், எதிர்பார்க்க வேண்டிய எட்டு என்ற எண்ணையும் அந்தந்த டிரேடின் விலைகளை வைத்தே கணக்கிட வேண்டும்.

ஸ்விங் முறையின் சிக்கல் வாங்கும் இடம் மாறும்போது தெரியும். இதே பங்கை, புதிய தாழ்வு எதுவும் உருவாகாமல் விலை 560-க்கு ஓடிய பிறகு வாங்கினால், 476 என்பது 15 சதவீதம் தூரம். 5,000 ரூபாய் வரம்புக்குள் 59 பங்குகள்தான் வாங்க முடியும். பலர் இங்கே பங்கு எண்ணிக்கையைக் குறைக்க மனமில்லாமல் ஸ்டாப்லாஸை மேலே இழுத்துவிடுகிறார்கள். அப்போது அது ஸ்விங் முறையும் அல்ல. நெருங்கிய சதவீத ஸ்டாப்லாஸ் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. குறைவாக வாங்குவது, அல்லது அடுத்த தாழ்வு உருவாகும்வரை காத்திருப்பது என்று இரண்டே நேர்மையான வழிகள் உண்டு.

490-இல் வாங்கினால் நிலைமை தலைகீழ். தூரம் 14 ரூபாய்தான், எனவே 357 பங்குகள் வரை வாங்கலாம். இங்கே 5 சதவீத முறை 465.50 என்று காட்டும்; 476 உடைந்து காரணம் பொய்த்த பிறகும் பத்து ரூபாய்க்கு மேல் வீணாகக் காத்திருக்கச் சொல்கிறது. ஆனால் நெருக்கமான ஸ்விங் ஸ்டாப்லாஸிலும் ஒரு பொறி இருக்கிறது. மறுநாள் காலை சந்தை கேப் டவுனாகி, பங்கு 466-இல் திறந்தால், ஆர்டர் 476-இல் நிறைவேறாது. 466-ஐ ஒட்டித்தான் விற்கும். 357 பங்குகள் வைத்திருப்பவரின் நஷ்டம் 5,000 அல்ல, 8,568 ரூபாய். 560-இல் 59 பங்குகள் வாங்கியவருக்கோ அதே திறப்பில் 5,546 ரூபாய்தான். தூரம் குறையக் குறைய பங்குகளின் எண்ணிக்கை கூடுவதால், இரவில் நடக்கும் தாவல் அந்த அளவுக்குப் பெரிதாக அடிக்கிறது. எனவே ஸ்விங் தூரம் எவ்வளவு குறைவாக வந்தாலும், ஒரே பங்கில் போடும் மொத்தப் பணத்துக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு தேவைப்படுகிறது. சதவீத முறையில் தூரம் மாறாததால் அந்த வரம்பு தானாகவே அமைந்துவிடுகிறது. ஸ்விங் முறையைக் கைக்கொள்பவர் அதைத் தானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.