பாக்கெட்டின் முதுகில் ஒரு எண்

ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு நூடுல்ஸ் வாங்கும்போது, பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் சோடியம் என்ற வரியைத் தேடுங்கள். 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டோ 70 கிராம். முழுதாகச் சாப்பிட்டால் 840 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் ஒரு நாள் வரம்பு 2,000; ஒரே தட்டில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது! சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு: ஏறக்குறைய 2 கிராம்.

‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற சின்ன எண்ணை நம்ப வேண்டாம். பாதி பாக்கெட்டோடு யார் எழுந்திருக்கிறார்கள்? இரண்டு பிராண்டுகளை 100 கிராம் கணக்கிலேயே ஒப்பிடுங்கள். 120 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் குறைந்த சோடியம். நாக்கை நம்பாதீர்கள்: இனிப்பு பிஸ்கட்டிலும் சமையல் சோடா வழியாகச் சோடியம் சேர்கிறது.