டெங்கு ஊசியின் கதை: அனுமதி கிடைத்த பிறகும் ஒரு மருந்தை ஏன் விடாமல் கண்காணிக்கிறார்கள்?

கல்முனையில் மார்கழி மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தால் டெங்குக் காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வடிகான்களிலும் வெற்று வளவுகளிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வந்து பூச்சாடியையும் கிணற்றடியையும் பார்ப்பார்கள். அப்படியொரு நாளில், காய்ச்சலில் கிடந்த மகனுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வந்த உறவுக்கார ராத்தா ஒருவர் என்னிடம் கேட்டார்: "டெங்குக்கு ஊசி கண்டுபிடிச்சிட்டாங்களாமே, நம்மட பிள்ளைகளுக்கு ஏன் இன்னும் போடுறாங்க இல்ல?"

நியாயமான கேள்வி. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். டெங்குத் தடுப்பூசி இருப்பதும் உண்மைதான். அவசரப்பட்ட ஒரு நாட்டில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் ராத்தாவின் கேள்விக்கு முழுப் பதிலும் கிடைக்கும். அந்த நாடு பிலிப்பைன்ஸ்.

அதற்கு முன்னர், ஒரு மருந்து எந்தப் பாதையில் வருகிறது என்று பார்ப்போம். ஆய்வுகூடத்திலும் விலங்குகளிலும் தேறிய பிறகு முதலாம் கட்டத்தில் சில பத்துப் பேருக்கு அதைக் கொடுக்கிறார்கள். உடல் தாங்குகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர். எவ்வளவு கொடுப்பது, எத்தனை தடவை கொடுப்பது, உடலில் எதிர்பார்த்த மாற்றம் வருகிறதா என்பதை அதில் தீர்மானிப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றப் பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசியும் போடுவார்கள். யாருக்கு எது போடப்பட்டது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, அவரைப் பரிசோதிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. இரு பகுதியிலும் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கடைசியில் எண்ணுவார்கள். அந்தக் கோப்பு முழுவதையும் ஒவ்வொரு நாட்டின் மருந்து ஒழுங்குபடுத்தல் சபையும் படித்து, நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து அனுமதி கொடுக்கும் அல்லது மறுக்கும். இலங்கையில் அந்தப் பொறுப்பு, 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையிடம் இருக்கிறது.

சனோஃபி நிறுவனத்தின் 'டெங்வாக்சியா' இந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் தாண்டி வந்த தடுப்பூசி. அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளில் 2 முதல் 14 வயதுவரையான 10,275 பிள்ளைகளிடம் நடந்தது. இலத்தீன் அமெரிக்காவில் இன்னும் 20,869 பிள்ளைகள். மூன்று ஊசிகள், ஆறு மாத இடைவெளியில். ஆசியப் பிள்ளைகளிடம் மூன்றாவது ஊசிக்குப் பின்னரான ஏறத்தாழ ஒரு வருடத்தில் டெங்கு ஏறத்தாழ 56 வீதம் குறைந்தது. அபாரமான வெற்றி இல்லை, ஆனால் வேறு எந்த ஊசியும் இல்லாத நோய்க்கு அது பெரிய விடயம்.

மூன்றாவது வருடத்தில்தான் ஒரு சிறிய எண்ணிக்கை ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. ஆசியப் பரிசோதனையில் 2 முதல் 5 வயதுவரையான பிள்ளைகளில், டெங்குவால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களை எண்ணினார்கள். ஊசி போட்டவர்களில் 15 பேர், போடாதவர்களில் ஒருவர். பரிசோதனையில் ஊசி போட்ட பிள்ளைகள் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு இருந்தார்கள். ஆகவே ஊசியால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்திருக்க வேண்டும். வந்ததோ பதினைந்துக்கு ஒன்று.

இதற்கு ஒரு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை ஒருமுறை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் அப்போது உருவான எதிர்ப்புப் பொருட்கள், பின்னர் வேறொரு வகை வந்து தாக்கும்போது அதை அடக்க முடியாமல், உடற் கலங்களுக்குள் வைரஸ் நுழைவதற்கு வழி காட்டியும் விடலாம். அதனால்தான் இரண்டாவது தடவை வரும் டெங்கு பல வேளைகளில் முதலாவதைவிடக் கடுமையாக இருக்கிறது. ஒருமுறைகூட டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி, சத்தமில்லாத முதல் டெங்குவைப்போல வேலை செய்துவிட்டால்? அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு உண்மையாக வரும் முதல் டெங்கு, இரண்டாவது டெங்குவின் கடுமையோடு வரும். அமெரிக்க வைத்தியர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் போன்றவர்கள் இந்த எச்சரிக்கையை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

சந்தேகத்தை உடனே தீர்க்க முடியவில்லை. ஊசி போட முன்னர் இரத்த மாதிரி எடுத்து வைத்திருந்தது பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டும்தான். மற்றவர்களில் யாருக்கு முன்னரே டெங்கு வந்திருந்தது, யாருக்கு வரவில்லை என்பது தெரியாது. எனவே வயதை வைத்துக் கோடு போட்டார்கள். 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒருமுறையாவது டெங்கு வந்திருக்கும் என்பது கணிப்பு. 2015 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அனுமதி வழங்கியது. 2016 ஏப்ரலில் மூன்று பிராந்தியங்களில் பாடசாலைகளுக்கே சென்று ஊசி போடத் தொடங்கினார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் குறைந்தது ஓர் ஊசியாவது போட்டுக்கொண்டார்கள்.

பரிசோதனையில் சேர்ந்த பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்த வேலை அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் 13ஆவது மாதத்தில் எடுத்த இரத்தம் குளிரூட்டியில் இருந்தது. ஆனால் ஊசிக்குப் பிறகு எடுத்த இரத்தத்தில், எதிர்ப்புப் பொருள் ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? இந்த ஊசி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடலில் டெங்குவின் மேலுறையை மாட்டிச் செய்யப்பட்டது. ஆகவே டெங்கு வைரஸ் உள்ளே உருவாக்கும் என்எஸ்1 என்ற புரதம் இந்த ஊசியில் கிடையாது. அந்தப் புரதத்துக்கு எதிரான பொருள் இரத்தத்தில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு உண்மையான டெங்கு வந்திருக்கிறது. காய்ச்சலோடு போகும்போது நமது ஆய்வுகூடங்களில் செய்யும் 'என்எஸ்1 டெஸ்ட்' தேடுவதும் இதே புரதத்தைத்தான்.

அந்தப் பரிசோதனையோடு கணக்கைத் திரும்பப் போட்டபோது சந்தேகம் உறுதியானது. 2017 நவம்பர் 29ஆம் திகதி, முன்னர் டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி போட வேண்டாம் என்று நிறுவனமே அறிவித்தது. சில நாட்களில் பிலிப்பைன்ஸ் திட்டத்தை நிறுத்தியது.

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முன்னர் டெங்கு வந்த ஆயிரம் பிள்ளைகளில் ஊசி போடாவிட்டால் ஐந்து வருடத்தில் 4.8 பேருக்குக் கடும் டெங்கு வரும், போட்டால் ஒருவருக்கும் குறைவு. முன்னர் வராத ஆயிரம் பேரில் போடாவிட்டால் 1.7, போட்டால் 4. இதை ஒரு ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 10,000 பிள்ளைகள், அவர்களில் 7,000 பேருக்கு ஏற்கெனவே டெங்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த 7,000 பேரில் கடும் டெங்கு சுமார் 34 இலிருந்து 7க்கும் கீழே இறங்கும். மற்ற 3,000 பேரில் 5 இலிருந்து 12 ஆக ஏறும். மொத்தமாகப் பார்த்தால் 39 என்பது 19 ஆகிவிடுகிறது. ஊர்க் கணக்கில் ஊசி வெற்றி. ஆனால் அந்த 3,000 வீடுகளில் ஊசியே ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. சராசரி மட்டும் தெரிந்தால் இந்த வீடுகள் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் கட்டத்தால் காண முடியாதது இதுதான். அது சில வருடங்களையே பார்க்கிறது, குறிப்பிட்ட ஆட்களையே பார்க்கிறது. தாமதமாக வருவதும், ஒரு பிரிவினருக்கு மட்டும் வருவதும், பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதும் அதன் வலையில் தப்பிவிடலாம்.

பிலிப்பைன்ஸில் அடுத்து நடந்தது இன்னும் கசப்பானது. பிள்ளைகளின் மரணங்களுக்கு ஊசியே காரணம் என்ற குற்றச்சாட்டுகள் நீதிமன்றம்வரை போயின. பீதி மற்றத் தடுப்பூசிகள் மீதும் படர்ந்தது. 2019இல் அந்த நாடு பெரிய சின்னமுத்துத் தொற்றுக்கு முகம்கொடுத்தது.

அடுத்து வந்த டெங்கு ஊசி இந்தப் பாடத்தோடு வந்தது. டகேடா நிறுவனத்தின் 'கியூடெங்கா' பரிசோதிக்கப்பட்ட எட்டு நாடுகளில் இலங்கையும் ஒன்று. 4 முதல் 16 வயதுவரையான சுமார் 20,000 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இம்முறை எல்லாப் பிள்ளைகளிடமும் ஊசிக்கு முன்னரே இரத்தம் எடுக்கப்பட்டது. முதல் வருடத்தில் பாதுகாப்பு 80 வீதம். நாலரை வருடம் பின்தொடர்ந்தபோது அது 61 வீதமாக இறங்கியிருந்தது, வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதிலிருந்து பாதுகாப்பு 84 வீதமாக இருந்தது. முன்னர் டெங்கு வராத பிள்ளைகளுக்கு மூன்றாம் வகை டெங்குவிலிருந்து பாதுகாப்புக் காணப்படவில்லை. நான்காம் வகையில் முடிவு சொல்லப் போதிய நோயாளர்களே வரவில்லை. 2022இல் இந்தோனேசியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தன. உலக சுகாதார நிறுவனம் டெங்கு அதிகமாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதினருக்குப் பரிந்துரைத்தது. பாவனைக்கு வந்த பிறகு அரிதாகக் கடும் ஒவ்வாமையும் பதிவாகி, மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில் சேர்ந்தது. நான்காம் கட்டம் என்று சொல்லும் கண்காணிப்பின் வேலை இதுதான்.

இந்தக் கண்காணிப்பு நமக்கும் புதிதல்ல. 2008 ஜனவரியில் இலங்கை ஐந்து நோய்களுக்கான 'பென்டாவேலன்ட்' ஊசியை அறிமுகப்படுத்தியது. ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாக முறைப்பாடுகள் வந்ததும் ஏப்ரலில் நிறுத்தியது. ஊசிதான் காரணம் என்ற முடிவுக்கு நிபுணர் குழு வரவில்லை, 2010இல் ஊசி திரும்ப வந்தது. நிறுத்தியதும் திரும்பக் கொண்டுவந்ததும் கிளினிக்கில் இருந்து போன அறிக்கைகளால்தான்.

அந்த அறிக்கை தாயின் வாயிலிருந்துதான் தொடங்குகிறது. ஊசிக்குப் பிறகு பிள்ளைக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு, உடம்பு தடிப்பு, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் முதலில் வைத்தியசாலை, அடுத்து குடும்ப நல உத்தியோகத்தருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ தகவல். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஊசியின் திகதியும் தொகுதி இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அதைத் தொலைக்காமல் கொண்டுபோங்கள். ஊசியால்தான் வந்தது என்று நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல, சொல்வது மட்டும்தான்.

ராத்தாவுக்கு நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் மகனைக் காட்டிக் கேட்டார்: "அப்ப இவனுக்கு இப்ப வந்திருக்கே, இதையும் எழுதி வைக்கணுமா?" ஆமாம் ராத்தா. என்எஸ்1 அறிக்கையைப் பதிவேட்டுக்குள்ளேயே வையுங்கள். இங்கே டெங்கு ஊசி வரும் நாளில், உங்கள் பிள்ளைக்கு முன்னர் டெங்கு வந்ததா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி.